வாட்ஸ்அப்பை நீக்கித் திரும்பப் போட்டால் எது இருக்கும், எது போகும்?

சித்தி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். அளவு நோட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. யாருக்கு என்ன அளவு, கழுத்து எவ்வளவு இறக்கம், கைக்கு எந்த பார்டர் என்பதெல்லாம் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜிலும் வாய்ஸ் நோட்டிலும்தான் இருக்கின்றன. தெருவில் இருபது பேர் சேர்ந்து போடும் சீட்டுக்கான குழுவும் அதே போனில்தான். குழுவுக்கு அட்மினும் சித்திதான்.

ஒரு வியாழக்கிழமை, போனில் இடமில்லை, வாட்ஸ்அப் திறக்கவே நேரமாகிறது என்று ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே இருந்த பையன் காலை பதினொரு மணிக்கு ஆப்பை நீக்கிவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திரும்பப் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணையும் அடித்து, “எல்லாம் சரியாயிடுச்சுக்கா” என்று கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் சீட்டுக் குழு இருக்கிறது, உள்ளே ஒரு மெசேஜ் இல்லை. வாடிக்கையாளர்களின் சாட் பட்டியலிலேயே இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்டார்: “குழு மட்டும் இருக்கு, மத்ததெல்லாம் எங்கடா போச்சு?”

இதைவிடச் சரியான கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. குழு ஏன் தங்கியது, சாட் ஏன் போனது என்பது புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தானாகப் புரியும்.

வாட்ஸ்அப் கணக்கு என்பது உங்கள் போன் நம்பரோடு கட்டப்பட்டது. அது வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. உங்கள் புரொஃபைல் படம், நீங்கள் யாரை பிளாக் செய்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது வந்தீர்கள் என்பதை யாருக்குக் காட்டலாம், எந்தெந்தக் குழுவில் உறுப்பினர், எதில் அட்மின் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். போனில் உள்ள ஆப்பை நீக்கினால் சர்வருக்கு அதைப் பற்றி எந்தத் தகவலும் போவதில்லை. அதன் கணக்கில் நீங்கள் நெட் இல்லாத ஊருக்குப் போனவர் மாதிரிதான். அதனால் நீங்கள் குழுவை விட்டுப் போனதாக யாருக்கும் அறிவிப்பு வராது, அட்மின் பதவியும் போகாது. திரும்ப அதே நம்பரில் நுழைந்ததும் குழுக்களின் பட்டியலை சர்வர் இறக்கிக் கொடுக்கிறது. சித்தி பார்த்த வெறுங்குழு அப்படி வந்ததுதான்.

சாட் அப்படி இல்லை. மெசேஜ் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்து, அனுப்பியவருக்கு இரண்டு டிக் விழுந்ததும், சர்வர் தன்னிடம் இருந்த பிரதியை அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மெசேஜ் இருக்கும் இடங்கள் இரண்டே: அனுப்பியவர் போன், உங்கள் போன். உங்கள் போனில் அது ஆப்புக்கு மட்டும் உரிய, பூட்டிய பகுதியில் ஒரே ஒரு தரவுக் கோப்பாக இருக்கும். ஆப்பை நீக்கினால் ஆண்ட்ராய்டு அந்தப் பகுதியைத் துடைத்துவிடும். ஆப் தகவல் பக்கத்தில் ‘டேட்டாவை அழி’ என்பதை அழுத்தினாலும் இதேதான் நடக்கும். அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘கேச் அழி’ என்பது வேறு; அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் எடுக்கும், சாட்டைத் தொடாது. சித்தியின் போனுக்கு அன்று அது போதுமாக இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஆக, நீக்குவதால் கணக்குக்கு ஆபத்தில்லை, குழுவுக்கு ஆபத்தில்லை, சாட்டுக்கு மட்டும்தான் ஆபத்து. அந்த சாட்டைக் காப்பாற்ற பேக்கப் என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. பலருக்குத் தெரியாத விஷயம், ஆண்ட்ராய்டு போனில் பேக்கப் இரண்டு இடத்தில் நடக்கிறது.

ஒன்று எல்லோரும் அறிந்தது, கூகுள் கணக்கில் போய்ச் சேர்வது. தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று நாம் வைத்தபடி நடக்கும். புதிய பேக்கப் வந்ததும் பழையது போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும். 2018 முதல் சில ஆண்டுகள் இதற்கு கூகுளின் இலவச இடக் கணக்கில் விலக்கு இருந்தது. 2023 நவம்பரில் அந்த விலக்கை எடுக்கப் போவதாக அறிவித்து, அதன் பிறகு படிப்படியாக எடுத்துவிட்டார்கள். இப்போது ஜிமெயில், போட்டோ எல்லாவற்றோடும் சேர்ந்து அதே 15 ஜிபியில்தான் இதுவும் அடங்க வேண்டும். இடம் நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுபோகும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் கடைசி பேக்கப் எந்தத் தேதியில் நடந்தது என்று தெரியும். ஆட்டோ பேக்கப் ஆன் ஆகியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாமல், அந்தத் தேதியைத்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் நின்றுபோன பேக்கப்பும் ‘ஆன்’ என்றேதான் காட்டும்.

இன்னொன்று நாம் கேட்காமலே நடப்பது. ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு ஆப் தன் சாட் தரவின் ஒரு பிரதியைப் பூட்டி, போனின் பொதுவான சேமிப்புப் பகுதியிலேயே எழுதி வைக்கிறது. இதற்கு கூகுள் கணக்கும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். கடைசி ஏழு நாட்களின் பிரதிகள் வரை அங்கே இருக்கும். இடம் இதுதான்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases/
    msgstore.db.crypt14
    msgstore-YYYY-MM-DD.1.db.crypt14
```

முதல் கோப்பு ஆகக் கடைசியாக எடுத்த பிரதி. தேதி போட்டவை அதற்கு முந்தைய நாட்களுடையவை. முடிவில் வரும் எண் 14 ஆகவோ 15 ஆகவோ இருக்கலாம்; அது பூட்டின் வகையைக் குறிப்பது. கோப்பைத் திறக்கும் சாவி கோப்போடு இருக்காது. அதே நம்பரை எஸ்எம்எஸ் மூலம் உறுதி செய்த பிறகுதான் ஆப்புக்கு அது கிடைக்கும். அதனால் இந்தக் கோப்பை வேறொருவர் எடுத்துப் போனாலும் அவர் நம்பரில் திறக்காது.

இந்தக் கோப்புறை ஆப்பை நீக்கிய பிறகும் பெரும்பாலான போன்களில் அப்படியே இருக்கும். ஆனால் இதை நம்பி நீக்கக் கூடாது. சில போன்கள் நீக்கும்போதே ஆப் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிடும், ‘குப்பையை அகற்று’ வகை ஆப்கள் இதையும் குப்பையாக எண்ணலாம். நீக்குவதற்கு முன் `com.whatsapp` என்ற கோப்புறையை முழுதாக கணினிக்கோ மெமரி கார்டுக்கோ நகல் எடுத்துக்கொண்டால் கவலை இல்லை. படங்களும் வீடியோக்களும் இதற்குள்ளேயே Media என்ற பிரிவில்தான் இருக்கின்றன, அவையும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, பேக்கப் இருந்தும் சித்தியின் சாட் ஏன் வரவில்லை? கடையில் நடந்தது இதுதான். நம்பரை உறுதி செய்த உடனே வாட்ஸ்அப் ஒரே ஒருமுறை கேட்கும்: பழைய சாட்டைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று. அதில் ரீஸ்டோர் என்று ஒரு பொத்தான், ஸ்கிப் என்று இன்னொன்று. பையன் அவசரத்தில் ஸ்கிப்பை அழுத்திவிட்டார். அந்தத் திரை கடந்து போன பிறகு செட்டிங்ஸில் எங்கே தேடினாலும் ரீஸ்டோர் என்ற வழி கிடைக்காது. மறுபடி நீக்கி, மறுபடி போட்டு, மறுபடி நம்பரை உறுதி செய்தால்தான் அந்தத் திரை திரும்ப வரும்.

ஸ்கிப் அழுத்தியதால் பேக்கப் அழிந்துவிடுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு செய்யும் ஒரு காரியம் அழித்துவிடும். காலியான ஆப்பில் ‘பேக்கப் எடு’ என்று அழுத்தினால், கூகுளில் இருந்த நல்ல பேக்கப்பின் இடத்தில் இந்த வெறும் பேக்கப் போய் உட்கார்ந்துகொள்ளும். சாட் போய்விட்டதே என்ற பதற்றத்தில் ‘இனிமேலாவது பேக்கப் எடுத்து வைப்போம்’ என்று பலர் செய்வது இதைத்தான். போனுக்குள் இருக்கும் பிரதிகளுக்கும் நாள் ஓடத் தொடங்கிவிடும். அன்றிரவு 2 மணிக்குக் காலி ஆப்பின் பிரதி ஒன்று எழுதப்படும், நல்ல பிரதி தேதி போட்ட கோப்பாகப் பின்னால் தள்ளப்படும். இப்படி ஏழு நாள் போனால் நல்லது ஒன்றுகூட மிஞ்சாது. ஆகவே சாட் காணவில்லை என்றால் முதல் வேலை, பேக்கப் பக்கத்தில் எதையும் அழுத்தாமல் இருப்பது.

சித்தி அழுத்தவில்லை. அது பெரிய நல்லகாலம்.

என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தோம். கூகுள் பேக்கப் வாரம் ஒருமுறை என்று வைக்கப்பட்டிருந்தது. கடைசியாக ஞாயிறு அதிகாலை எடுத்தது. அதைக் கொண்டுவந்தால் ஞாயிறு முதல் வியாழன் காலை வரை வந்த ஆர்டர்கள் போய்விடும். கல்யாண சீசனில் நான்கு நாள் என்பது சின்ன விஷயமில்லை. ஃபைல் மேனேஜரில் Databases கோப்புறையைத் திறந்தோம். நல்லவேளை, கோப்புகள் அப்படியே இருந்தன. `msgstore.db.crypt14` என்பதில் வியாழக்கிழமை அதிகாலை 2 மணி என்ற நேரமும் 80 எம்பிக்குக் கொஞ்சம் மேலே அளவும் காட்டியது. அளவைப் பார்ப்பது முக்கியம். பல வருடச் சாட் உள்ள பிரதி பத்துக் கணக்கான எம்பி, சில நேரம் நூற்றுக் கணக்கில் இருக்கும். காலி ஆப்பின் பிரதி மிகச் சிறியதாக இருக்கும். தேதியும் அளவும் சேர்ந்து எது நல்ல பிரதி என்று காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் விஷயத்தில் இரவு 2 மணி தாண்டாததால் முதல் கோப்பே நல்ல கோப்பு. ஒரு நாள் கழித்து வந்திருந்தால் முதல் கோப்பு வெறுமையாக இருந்திருக்கும். அப்போது அதன் பெயரை வேறு எதாகவாவது மாற்றி ஒதுக்கிவிட்டு, தேதி போட்ட நல்ல கோப்பின் பெயரை இப்படி மாற்ற வேண்டியிருந்திருக்கும்:

```
msgstore-YYYY-MM-DD.1.db.crypt14  ->  msgstore.db.crypt14
```

பெயரில் உள்ள தேதியும் அதை ஒட்டிய `.1` என்பதும் போக வேண்டும். முடிவில் உள்ள எண்ணை மட்டும் மாற்றவே கூடாது. 14 என்றால் 14 தான்.

கோப்புறை முழுவதையும் என் கணினிக்கு நகல் எடுத்தோம். அடுத்து ஒரு வேலை, இதைப் பலர் மறந்துவிடுவார்கள். நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரவு ஏழு வரை அந்தக் காலி வாட்ஸ்அப்பிலும் மெசேஜ்கள் வந்துகொண்டுதான் இருந்தன. மறுபடி நீக்கினால் அவையும் போய்விடும், ஏனென்றால் நாம் கொண்டுவரப் போவது அதிகாலை 2 மணியின் நிலை. இரண்டையும் ஒட்டிச் சேர்க்கும் வசதி வாட்ஸ்அப்பில் கிடையாது. சித்தி உட்கார்ந்து அந்த ஏழு மணி நேரத்தில் வந்த மூன்று அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டு டிசைன் படங்களை கேலரியில் சரிபார்த்துக்கொண்டோம்.

பிறகு ஆப்பை நீக்கி, திரும்பப் போட்டு, அதே நம்பரைக் கொடுத்தோம். கூகுள் கணக்கில் பேக்கப் தேடட்டுமா என்று அனுமதி கேட்ட இடத்தில் வேண்டாம் என்று தாண்டினோம், ஞாயிற்றுக்கிழமை பேக்கப் வரக் கூடாது என்பதற்காக. கோப்புகளைப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்தோம். அதை மறுத்தால் கண்ணெதிரே கோப்பு இருந்தாலும் ஆப்புக்குத் தெரியாது. கூகுளில் கிடைக்காதபோது ஆப் போனுக்குள்ளேயே தேடும். தேடி, பேக்கப் இருக்கிறது என்று தேதியோடு ஒரு திரை காட்டியது. வியாழன் என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ரீஸ்டோரை அழுத்தினோம். சில நிமிடங்களில் சாட் பட்டியல் வந்தது. படங்கள் போனிலேயே இருந்ததால் அவையும் அந்தந்த இடத்தில் தெரிந்தன. கூகுளிலிருந்து கொண்டுவந்தால் எழுத்து முதலில் வந்துவிடும், படங்கள் பின்னணியில் மெதுவாக இறங்கும். உடனே படம் தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம். வீடியோ மட்டும் தனி. பேக்கப்பில் வீடியோவையும் சேர் என்று முன்பே வைத்திருந்தால்தான் கூகுளில் போயிருக்கும்.

எது வரவில்லை என்று கணக்குப் பார்த்தால் தெளிவாக இருந்தது. அதிகாலை 2 மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவே போனில் வந்து சேர்ந்த மெசேஜ்கள் போய்விட்டன. எந்தப் பேக்கப்பிலும் அவை இல்லை. கேட்டு வாங்க வேண்டியதுதான். அனுப்பியவர் போனில் அவை இருக்கும், அவர் அங்கிருந்து மறுபடி ஃபார்வேர்டு செய்யலாம். நீக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கையால் ஒரு பேக்கப் எடுத்திருந்தால் இந்த ஒன்பது மணி நேரமும் தப்பியிருக்கும்.

அப்புறம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, ஆப்பே இல்லாத நேரத்தில் அனுப்பப்பட்டவை? அவை அனுப்பியவர் போனில் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும். சேராத மெசேஜை சர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும், ஆப் திரும்ப வந்ததும் கொடுத்துவிடும், அதற்குள் வராவிட்டால் அழித்துவிடும். விதி இதுதான். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

வாட்ஸ்அப் மெசேஜ்கள் 2016 ஏப்ரலிலிருந்து முழுக்கப் பூட்டியே அனுப்பப்படுகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி பெறுபவரின் போனில் மட்டும் இருக்கும். அந்தச் சாவி ஆப்பை நிறுவும் நேரத்தில் உருவாகிறது. ஆப்பை நீக்கினால் சாவியும் அழிகிறது. திரும்பப் போட்டால் புதுச் சாவி. அப்படியானால் இடைப்பட்ட நேரத்தில் பழைய சாவிக்கென்று பூட்டி அனுப்பிய மெசேஜை யார் திறப்பது? யாராலும் முடியாது. அதனால் உங்கள் ஆப் அனுப்பியவரின் போனிடம் ‘இது திறக்கவில்லை, புதுச் சாவிக்குப் பூட்டி மறுபடி அனுப்பு’ என்று கேட்கிறது. அவர் போன் நெட்டில் இருந்தால் அவருக்கே தெரியாமல் கண நேரத்தில் முடிந்துவிடும். அவர் நெட்டை அணைத்துவிட்டுப் படுத்திருந்தால், உங்கள் திரையில் மெசேஜ் இருக்கும் இடத்தில் “Waiting for this message. This may take a while.” என்ற வரி மட்டும் நிற்கும். அது கோளாறு இல்லை. அவர் ஒருமுறை வாட்ஸ்அப்பைத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவரும் இதற்குள் ஆப்பை நீக்கியிருந்தால் அந்த மெசேஜ் வரவே வராது.

இப்படித் தானாக மறுபடி அனுப்புவது ஒரு காலத்தில் பெரிய சர்ச்சையாக இருந்தது. 2017 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை, இதைப் பயன்படுத்தி இடையில் ஒருவர் மெசேஜைப் படிக்க முடியும், இது ஒரு பின்வாசல் என்று எழுதியது. பாதுகாப்புத் துறை அறிஞர்கள் பலர் அப்படிச் சொல்வது தவறு என்று எதிர்த்தார்கள். சாவி மாறியவரைக் காத்திருக்க வைக்காமல் மெசேஜ் சேர வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்த ஏற்பாடு அது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அவர்கள் சொன்னதே சரியாகப் படுகிறது. போனை மாற்றுவதும் ஆப்பைத் திரும்பப் போடுவதும் இத்தனை பேர் செய்யும் காரியமாக இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் மெசேஜ் தொலைந்தால் யாரும் தாங்க மாட்டார்கள்.

சாவி மாறியதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பாதுகாப்பு அறிவிப்பை ஆன் செய்து வைத்திருப்பவர்களின் சாட்டில், உங்கள் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று ஒரு வரி வரும். சித்தியின் வாடிக்கையாளர் ஒருவர் மறுநாளே போன் செய்து, “அக்கா, உங்க நம்பரை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?” என்று கேட்டார். கேட்டது நல்லதுதான். ஆப்பைத் திரும்பப் போட்டதால் வந்தது என்று குரலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. நீங்கள் எதுவும் செய்யாமலே அந்த வரி உங்கள் பெயரில் பலருக்கு வந்தால், உங்கள் நம்பரை வேறு போனில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

கணினியில் வாட்ஸ்அப் வெப் வைத்திருந்தால், போனில் திரும்பப் பதிவு செய்ததும் அது வெளியேற்றப்பட்டுவிடும், மறுபடி இணைக்க வேண்டும். கணினியில் சாட் இருக்கிறதே, அங்கிருந்து போனுக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். அந்த வழி கிடையாது.

பேக்கப்பே இல்லாமல் திரும்பப் போட்டவருக்கு என்ன மிஞ்சும் என்றும் பார்த்துவிடலாம். குழுக்கள் இருக்கும், பழைய மெசேஜ் இல்லாமல். தனிநபர் சாட் ஒன்றும் பட்டியலில் இருக்காது. அவர் அனுப்பினாலோ நீங்கள் அனுப்பினாலோ புதிதாகத் தொடங்கும். நம்பர்கள் போனின் தொடர்புப் பட்டியலில் இருப்பதால் ஆட்கள் தொலைந்துபோக மாட்டார்கள். ஆனால் சேமிக்காத நம்பரிலிருந்து வந்த வாடிக்கையாளர்? சாட்டோடு அவர் நம்பரும் போய்விடும். சித்திக்கு உண்மையில் பயம் தந்தது இதுதான். ஸ்டார் போட்டு வைத்தவையும் பிராட்காஸ்ட் பட்டியல்களும் சாட்டோடு சேர்ந்தவை, அவையும் வராது. பிளாக் செய்தவர்கள் பிளாக்கிலேயே இருப்பார்கள்.

இதுவரை சொன்னவற்றில் கணக்குக்கு ஆபத்தில்லை என்றேன். அது சிம் உயிரோடு இருக்கும்வரைதான். நம் ஊரில் ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மை வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபையில் பழைய வாட்ஸ்அப்பை ஓட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆப் போனில் இருக்கும்வரை ஓடும். நீக்கிய மறுகணம், திரும்ப நுழைய அந்த நம்பருக்கு வரும் ஆறு இலக்க எண் வேண்டும், எஸ்எம்எஸ்ஸோ அழைப்போ வராத சிம்மில் அது கிடைக்காது. பேக்கப் பத்திரமாக இருந்தும் பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நீக்கும் முன் அந்த நம்பருக்கு இன்னொரு போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

இருபடிச் சரிபார்ப்பு என்ற ஆறு இலக்க பின் எண்ணை எப்போதோ வைத்து மறந்தவர்களுக்கும் இதேபோல ஒரு தடை வரும். மீட்க மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதில் மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பின் எண் நினைவில் இல்லாவிட்டால், நீக்குவதற்கு முன்பே செட்டிங்ஸில் போய்ப் புதிதாக மாற்றிக்கொள்ள முடியும், அதற்குப் பழைய எண் தேவையில்லை.

இதைவிடக் கடுமையானது, 2021 அக்டோபரில் வந்த பூட்டிய பேக்கப் வசதி. அதை ஆன் செய்தவர் ஒரு பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்திருப்பார். அது இல்லாமல் கூகுளில் உள்ள பேக்கப்பையும் திறக்க முடியாது, போனுக்குள் உள்ளதையும் திறக்க முடியாது. வாட்ஸ்அப் நிறுவனத்திடமே அந்தச் சாவி இல்லை என்பதுதான் அதன் நோக்கம். மறந்தது உள்ளே இருக்கும்போது தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். நீக்கிய பிறகு தெரிந்தால் அந்த சாட் போனது போனதுதான்.

ஐபோனில் கதை சுருக்கம். அங்கே போனுக்குள் தானாக எழுதப்படும் பிரதி கிடையாது, ஐகிளவுட் பேக்கப் ஒன்றுதான். அதற்கான இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. அது இல்லாமல் ‘டிலீட் ஆப்’ செய்தால் திரும்ப எதுவும் வராது. இடம் வேண்டும் என்பதற்காக என்றால் ‘ஆஃப்லோட் ஆப்’ என்று ஒரு வழி இருக்கிறது. அது ஆப்பை மட்டும் எடுத்துவிட்டுத் தரவை விட்டுவைக்கும். ஆண்ட்ராய்டில் எடுத்த கூகுள் பேக்கப்பை ஐபோனில் ரீஸ்டோர் செய்ய முடியாது, அங்கிருந்து இங்கும் முடியாது. போன் மாற்றுபவர்கள் பழைய போனில் ஆப்பை நீக்காமல், இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து சாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆப்பை நீக்குவது வேறு, செட்டிங்ஸில் ‘கணக்கை நீக்கு’ என்பது வேறு. இரண்டாவதை அழுத்தினால் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள், கூகுள் பேக்கப்பும் அழிக்கப்படும், பிறகு அதே நம்பரில் வந்தாலும் புது ஆள்தான். சித்தி அதைச் செய்திருந்தால் சீட்டுக் குழுவில் வேறு அட்மின் இல்லாததால், மீதி இருப்பவர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப்பே அட்மின் ஆக்கியிருக்கும். ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போடாமலே விட்டால் கணக்கு உடனே போகாது. பொதுவாக 120 நாள் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் நிறுவனமே நீக்கிவிடும். அதற்குள் சிம்மை விட்டுவிட்டு அந்த நம்பர் வேறொருவருக்குப் போயிருந்தால் நிலைமை மாறும். 45 நாள் பயன்படுத்தாமல் இருந்த நம்பர் வேறு போனில் புதிதாகத் திறக்கப்பட்டால், புரொஃபைல் படம் போன்ற பழைய விவரங்களை வாட்ஸ்அப் அழித்துவிடும்.

அந்த இரவு பத்து மணிக்கு சித்தி கிளம்பும்போது கூகுள் பேக்கப்பைத் தினமும் என்று மாற்றினோம், வீடியோவை விட்டுவிட்டோம், ஏனென்றால் அவருடைய 15 ஜிபியில் 12 போட்டோவுக்கே போயிருந்தது. போனில் இடம் பிடித்துக்கொண்டிருந்தது என்ன என்று செட்டிங்ஸில், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில், மேனேஜ் ஸ்டோரேஜ் என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தோம். சீட்டுக் குழுவில் தினமும் காலையில் வந்து விழுந்த வணக்க வீடியோக்கள் மட்டும் நான்கு ஜிபி. அவற்றைத் தேர்ந்தெடுத்து அழித்ததும் வாட்ஸ்அப் உடனே திறந்தது.